எந்த லீவு?

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், 'கொன்ஜே'. தீபாவளிக்குப் பள்ளி மூடினாலும் கொன்ஜே, காய்ச்சல் என்று ஒருவன் வராமல் போனாலும் கொன்ஜே. பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்து, குறிஞ்சிப்பாடி அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் 'லீவு' என்று ஒரு சாமான் கிடையாது என்பது புரிந்தது. தற்செயல் விடுப்பு உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு, சம்பளமில்லாத விடுப்பும் உண்டு. வெறும் லீவு என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எதிர் வீட்டுப் பெண் குரூப் 4 எழுதி வேலைக்குச் சேர்ந்து, தகுதிகாண் பருவமும் முடித்துவிட்டாள். போன வாரம் வந்து, "தாத்தா, லீவு லெட்டர்ல என்ன லீவுன்னு போடணுமாமே, சும்மா லீவுன்னு எழுதினா ஆபீஸ்ல பாத்துப் போட்டுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். போட்டுக்கொள்வார்கள் அம்மா, அதுதான் ஆபத்து என்றேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

விதியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விடுப்பை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. வேலை இருக்கிறது என்று அதிகாரி மறுக்கலாம், கொடுத்ததை ரத்து செய்து திரும்பவும் கூப்பிடலாம். அடிப்படை விதி 67 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நம் கணக்கில் இருக்கும் ஒரு வகை விடுப்பைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டால், அதன் வகையைத் தன் இஷ்டத்துக்கு அவர் மாற்ற முடியாது. ஈட்டிய விடுப்பு கேட்டவருக்கு 'இல்லை' என்று சொல்லலாமே ஒழிய, 'சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொள்' என்று ஆணை போட முடியாது. அந்தப் பாதுகாப்பு பெயர் எழுதியவருக்குத்தான். எழுதாதவர் காகிதத்தில் வகையை யாரோ ஒரு எழுத்தர் நிரப்புவார்.

பல வருடம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் அலுவலகமும் வேண்டாம். பதிவறையில் வேலை பார்த்தவர், ஒரு வியாழக்கிழமை காலை காய்ச்சல் என்று வரவில்லை. பையன் கையில் ஒரு சீட்டு வந்தது: 'உடல்நலம் சரியில்லை, இரண்டு நாள் லீவு தேவை.' திங்கட்கிழமையும் வரவில்லை. மஞ்சள் காமாலை என்று சிதம்பரத்தில் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அதற்கடுத்த வாரம் புதன்கிழமைதான் வேலைக்கு வந்தார். இடையில் இன்னொரு கடிதம் அனுப்பியிருந்தார், பயந்துபோய்: 'சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து லீவு கொடுத்து உதவவும்.'

இப்போது கணக்குப் பாருங்கள். முதல் வியாழன் தொடங்கி, வராத கடைசி நாளான செவ்வாய் வரைக்கும் பதின்மூன்று நாள். அதில் இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. வேலை நாள் என்றால் ஒன்பதுதான்.

அவர் மனதில் இருந்தது, தற்செயல் விடுப்பில்தான் போகும், ஒன்பது நாள் கழித்துக்கொள்வார்கள் என்று. வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் உண்டே, அவர் கணக்கில் பத்து மீதி இருந்தது. தற்செயல் விடுப்பில் நடுவே வரும் ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் கழியாது என்பது உண்மைதான். ஆனால் விடுமுறைகளையும் சேர்த்து, ஆள் இல்லாத மொத்த நாள் பத்தைத் தாண்டக் கூடாது. இவருடையது பதின்மூன்று.

சரி, முதல் சில நாளைத் தற்செயலாகவும் மீதியை ஈட்டிய விடுப்பாகவும் போட்டுவிடலாமே என்று அவர் மனைவி வந்து கேட்டார். நல்ல கேள்வி, புதிதாகச் சேரும் எல்லோரும் கேட்பதுதான். முடியாது. காரணம் கொஞ்சம் விசித்திரமானது: தற்செயல் விடுப்பு விதிப்படி விடுப்பே அல்ல. அன்று நீங்கள் வேலையில் இருப்பதாகவே கருதப்படுகிறீர்கள். ஒரு சலுகையாக வராமல் இருக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அது பணிப்பதிவேட்டின் விடுப்புக் கணக்கில் ஏறுவதில்லை, தனி ஏட்டில் நிற்கிறது, டிசம்பர் 31-ஆம் தேதியோடு மீதியும் செத்துப்போகிறது. வேலையில் இருப்பவரை அதே மூச்சில் விடுப்பில் இருப்பவராகவும் காட்ட முடியாதல்லவா? ஆகவே தற்செயல் விடுப்பு நீண்டுபோனால், முதல் நாளிலிருந்தே முழுவதையும் வேறு வகையாக மாற்ற வேண்டும். இவருக்கு முதல் வியாழனிலிருந்தே மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றினால் நடுவே இருந்த சனி ஞாயிறு நாலும் விடுப்பில் சேர்ந்துவிடும். ஒன்பது பதின்மூன்றாகிவிடும். (விடுப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒட்டி வரும் விடுமுறையை 'முன் இணைப்பு, பின் இணைப்பு' என்று கேட்டு விட்டுவிடலாம். நடுவில் மாட்டிக்கொண்டதை விட வழியில்லை.)

இந்தப் பதின்மூன்று நாளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஈட்டிய விடுப்பு அவர் கணக்கில் நூற்றுக்கு மேல் இருந்தது. ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் பதினைந்து பதினைந்தாக ஏறுவது அது. 240 நாள் வரை சேர்த்து வைக்கலாம். முழுச் சம்பளமும் உண்டு, காரணம் சொந்த வேலை என்று எழுதினாலும் போதும். ஆனால் அது வெறும் லீவு அல்ல, காசு. ஓய்வு பெறும் நாளில் மீதி நிற்கும் ஒவ்வொரு ஈட்டிய விடுப்பு நாளுக்கும் அன்றைய சம்பளக் கணக்கில் ஒரு நாள் பணம் கையில் வரும். இளநிலை உதவியாளராக இருக்கும்போது செலவழிக்கிற ஒரு நாள், கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்போது ஒரு நாளாகத் திரும்பி வந்திருக்கும். காமாலைக்கு அதை உடைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அதற்குத்தான் மருத்துவ விடுப்பு. ஏட்டுப் பெயர் 'மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு'. இதற்கும் முழுச் சம்பளம் உண்டு, ஈட்டிய விடுப்புக் கணக்கைத் தொடாது. பணிக்காலத்துக்கு ஏற்றபடி வரம்பு கூடிக்கொண்டே போகும், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம் 540 நாள். வருடா வருடம் புதிதாக ஏறாது என்பதை மறந்துவிட்டு, கொல்லிமலைக்குச் சுற்றுலா போக மருத்துவச் சான்று வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதில் நெஞ்சுவலி வரும்போது அந்த நாட்கள் தேவைப்படும்.

நம் ஆள் விஷயத்தில் நடந்தது வேறு. கடிதத்தில் வகை இல்லை. மருத்துவச் சான்று இணைக்கவில்லை. 'சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை' என்று மட்டும் கையெழுத்தோடு இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் பதின்மூன்று நாளும் அசாதாரண விடுப்பு, அதாவது ஊதியமில்லா விடுப்பு என்று கோப்பு எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அசாதாரண விடுப்பு இரண்டே சூழ்நிலையில்தான் கொடுக்கலாம்: வேறு எந்த விடுப்பும் இல்லாதபோது, அல்லது வேறு விடுப்பு இருந்தும் ஊழியரே எழுத்து மூலம் அதைக் கேட்கும்போது. பணிவுக்காக எழுதிய அந்த ஒரு வரி, விதியின் கண்ணுக்கு எழுத்து மூலமான கோரிக்கை ஆகிவிட்டது. கணக்கில் நூறு நாளுக்கு மேல் வைத்துக்கொண்டு!

பதின்மூன்று நாள் சம்பளம் போவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவச் சான்று இல்லாத ஊதியமில்லா விடுப்பு ஊதிய உயர்வுக்கான காலத்தில் சேராது, இன்கிரிமென்ட் தள்ளிப்போகும். ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்திலும் சேராது. அதே ஊதியமில்லா விடுப்பு மருத்துவச் சான்றின் பேரில் என்றால் ஓய்வூதியத்துக்குச் சேரும். அதனால் எல்.ஓ.பி. தவிர வழியே இல்லை என்ற நிலையிலும் நோய்க்கான சான்றை இணைக்காமல் விடக் கூடாது. சம்பளம்தான் இல்லையே, சான்று எதற்கு என்று விட்டவர்கள், ஓய்வூதியக் கருத்துரு தயாராகும்போது பணிப்பதிவேட்டைப் புரட்டி நாள் நாளாகக் கழிப்பதைப் பார்த்து முழிப்பார்கள். முப்பது வருடம் கழித்து எந்த டாக்டரிடம் போய்ச் சான்று கேட்பது?

நல்லவேளை, கோப்பில் அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. அவரை வரச்சொல்லி, புதிய விண்ணப்பம் வாங்கினோம். விண்ணப்பப் படிவத்தில் 'விடுப்பின் தன்மை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு என்று எழுதி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தம் பதின்மூன்று நாள் என்று போட்டு, சிதம்பரத்து டாக்டரின் சான்றை இணைத்தார். சான்றில் நோயின் பெயரும் ஓய்வு தேவைப்பட்ட காலமும் இருந்தன. முந்தைய கடிதத்தின் அந்த வரியைத் திரும்பப் பெறுவதாகவும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். மருத்துவ விடுப்பாகவே ஆணை ஆயிற்று.

மருத்துவ விடுப்புக்கு இரண்டு காகிதம் என்பதையும் எதிர் வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னேன். போகும்போது நோய்ச் சான்று, திரும்பும்போது வேலை செய்யத் தகுதி என்ற சான்று. இரண்டாவது இல்லாமல் காலை பத்து மணிக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் தேடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த நாளுக்கும் ஒரு விடுப்பு தேட வேண்டியிருக்கும்.

அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். காய்ச்சல் வந்த முதல் நாளே, அது இரண்டு நாளில் போகுமா இரண்டு வாரம் இழுக்குமா என்று யாருக்குத் தெரியும், எந்தப் பெயரை எழுதுவது? நியாயமான கேள்வி. முதல் நாள் தற்செயல் விடுப்பு என்றே எழுதலாம். ஒரு வாரம் நெருங்கும்போது நிலைமை தெரிந்துவிடும். அப்போது பத்து நாள் எல்லை தாண்டும் வரை காத்திராமல் டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டு, இரண்டாவது கடிதம் அனுப்பிவிட வேண்டும். அதற்கு ஒரு வாசகமும் எழுதிக் கொடுத்தேன், பையில் மடித்து வைத்துக்கொண்டு போனாள்:

'நான் இம்மாதம் இந்தத் தேதி முதல் கேட்டிருந்த தற்செயல் விடுப்பை ரத்து செய்து, அதே தேதி முதல் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. குணமடைந்தபின் தகுதிச் சான்றுடன் பணியில் சேர்வேன்.'