இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய செய்தி

திருப்பூரில் தந்தைக்குக் கட்டிங், தாய்க்குச் செக்கிங் என வேலைநேரம் வேறுபடும். ஆயினும் பரிசோதனை முடிவைச் சொல்ல இருவரையும் ஒன்றாகவே அழைக்கிறோம். ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொன்னால் செய்தி திரிந்துவிடும்.

எட்டு வயதுச் சிறுவனின் பெற்றோரிடம் முதலில், "நீங்கள் கவனித்தது என்ன?" என்றோம்.

"ஐந்து வயதுத் தங்கையைப் போலத்தான் பேசுகிறான்" என்றார் தாய்.

"சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். அவனுக்கு இலேசான அறிவுசார் குறைபாடு உள்ளது. மருந்தால் நீங்காது, பயிற்சியால் பலவற்றைக் கற்பான்" என்று கூறி, அமைதி காத்தோம்.

"எங்கள் பாவமா?"

"இல்லை. அவன் அல்லாஹ்வின் அமானிதம்."

"ஓதுவானா?" என்றார் தந்தை.

"சிறிய சூராக்களைத் துண்டு துண்டாகத் திரும்பச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்."

அடுத்த படியாக ஒன்றை மட்டும் தாளில் எழுதினோம்: புதன்கிழமை, அரசு மருத்துவமனை, மாற்றுத்திறனாளி சான்று, ஆதார், புகைப்படம், இவ்வறிக்கை. அதிர்ச்சியில் கேட்டது நினைவில் நில்லாது, தாள் நிற்கும்.