சேம்புக்குப் போட்ட சிவப்புக் கோடு



போன ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியது என்னிடம் படித்த பெண். இப்போது அவளுக்கே ஏழாவது படிக்கிற மகள் இருக்கிறாள். நோட்டில் ஒட்டிய இலை ஒன்று, இதய வடிவம். கீழே குழந்தையின் கையெழுத்தில் "வெற்றிலை, இருவித்திலைத் தாவரம்" என்று எழுதியிருந்தது. "சார், இது சரியா? வீட்டு வாசல்ல தொட்டியில இருந்து பறிச்சாளாம்" என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதும் முன்னே இன்னொரு வரியும் வந்தது: "சேம்புக்கு நீங்க போட்ட சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கா சார்?"

ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் குழந்தையின் இலை. அலங்காநல்லூர்க்காரர்களுக்கு வெற்றிலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்தில் சோழவந்தான் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை அது. ஆனால் வாசல் தொட்டியில் வளர்வது பெரும்பாலும் மணி பிளான்ட். இரண்டும் கொடி, இரண்டும் இதய வடிவம், இரண்டும் பளபளப்பு. நோட்டில் ஒட்டி, மேலேயிருந்து படம் எடுத்தால் எனக்கே தெரியாது.

அதனால் அவளிடம் வேறு படம் கேட்டேன். ஒட்டாத புது இலையைக் காம்போடு பறித்து, அடிப்பக்கம் கேமராவைப் பார்க்கும்படி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து எடுக்கச் சொன்னேன். வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். முன்னாலிருந்து வந்தால் இலை மின்னுமே தவிர நரம்பு தெரியாது. பிளாஷ் கூடவே கூடாது.

இப்படி எடுத்தால் வெற்றிலையில் காம்பு சேரும் இடத்தின் அருகிலிருந்தே சில பெரிய நரம்புகள் கிளம்பி, வளைந்து, நுனியை நோக்கிப் போவது தெரியும். அவற்றுக்கு நடுவே மீன்வலை போல் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு நரம்புகள். மணி பிளான்டில் நடுவே ஒரே ஒரு பெரிய நரம்புதான். அதிலிருந்து இரு பக்கமும் மெல்லிய நரம்புகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓரத்துக்குப் போகும். காம்பின் அடியும் தண்டை உறை மாதிரி பொத்திப் பிடித்திருக்கும்.

வந்த படம் மணி பிளான்ட். அது ஒருவித்திலை. வெற்றிலையை இருவித்திலை என்று குழந்தை எழுதியது சரி. ஒட்டிய இலைதான் வெற்றிலை இல்லை.

இணைநரம்பு என்றால் நீளவாக்கில் ஓடுவது மட்டும்தான் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கரும்பிலும் நெல்லிலும் அப்படித்தான். வாழையில் நடுத்தண்டிலிருந்து ஓரத்துக்கு ஓடும். படம் பார்த்துக் குழம்பினால் கிழித்துப் பாருங்கள். வாழை இலை ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும். காற்றடித்தாலே அப்படித்தான் நார்நாராகக் கிழிந்து தொங்குகிறது. மாவிலையைக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். வலைப்பின்னல் அந்தக் கிழிசலை நேராகப் போக விடாது.

இனி சேம்பு.

முப்பது வருடம் இருக்கும். ஐந்து செடிகளைக் கொண்டுவந்து, ஒருவித்திலையா இருவித்திலையா என்று காரணத்தோடு எழுதச் சொன்னேன். இந்தப் பெண் வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்திலிருந்து ஒரு சேம்பைப் பிடுங்கி வந்தாள். "ஒருவித்திலை. காரணம்: எல்லாம் சல்லிவேர்" என்று எழுதியிருந்தாள். நான் இலையைப் பார்த்தேன். யானைக்காது மாதிரி அகல இலை, வலை போல் நரம்பு. "வலைப்பின்னல் நரம்பமைப்பு, ஆகவே இருவித்திலை" என்று எழுதிச் சிவப்பில் கோடு போட்டேன். "ஆனா சார், வேர் சல்லியா இருக்கே?" என்று கேட்டாள். "இலையைப் பாரும்மா" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சேம்பு ஒருவித்திலை. மணி பிளான்ட், சேனைக்கிழங்கு எல்லாம் அதன் குடும்பம்தான். ஒருவித்திலைகளிலேயே அகல இலையும் வலை போன்ற நரம்பும் கொண்டவை சில உண்டு. வள்ளிக்கிழங்குக் கொடியும் அப்படித்தான். நான் படித்த ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தில் அட்டவணை மட்டும் இருந்தது, விதிவிலக்கு இல்லை. பல வருடம் கழித்து ஒரு கோடைப் பயிற்சியில் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் சேம்பை உதாரணமாகக் காட்டியபோது எனக்கு முகம் சுருங்கிப்போனது.

ஆனால் ஒன்று. அவள் விடை சரி என்றாலும் அவள் சொன்ன காரணம் மட்டும் போதாது. இதை இத்தனை நாள் கழித்து அவளிடமும் சொன்னேன்.

வேரை வைத்துச் சொல்ல வேண்டுமானால் அந்தச் செடி விதையிலிருந்து முளைத்ததாக இருக்கவேண்டும். விதையின் முளைவேர் வளர்ந்துதான் ஆணிவேர் ஆகிறது. கிழங்கை, கரணையை, போத்தை, கொடித்துண்டை நட்டு வளர்த்த செடியில் முளைவேரே கிடையாது. சர்க்கரைவள்ளியும் வெற்றிலையும் இருவித்திலைதான், ஆனால் கொடியை நட்டு வளர்ப்பதால் தோண்டிப் பார்த்தால் கணுவிலிருந்து கிளம்பிய வேர்க்கற்றைதான் இருக்கும். அந்தப் பிள்ளை சேம்புக்குப் பதில் சர்க்கரைவள்ளியைக் கொண்டுவந்து அதே காரணத்தை எழுதியிருந்தால், தவறாகியிருக்கும்.

படத்துக்கு வேர் எடுப்பதிலும் ஒரு சூதானம் வேண்டும். செடியைத் தலையைப் பிடித்து இழுத்தால் ஆணிவேர் நடுவில் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கையில் வருவது பக்கவேர்கள் மட்டும். படத்தில் அது சல்லிவேர் மாதிரியே இருக்கும். முதல்நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டு, காலையில் களைக்கொத்தியால் சுற்றித் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து அலசுங்கள். பிறகு வெள்ளைத்தாளில் பரப்பி எடுங்கள். தண்டு கீழே மெலிந்துகொண்டே நேராக இறங்கினால் ஆணிவேர். தண்டின் அடியிலிருந்து ஒரே தடிமனில் பல வேர்கள் கிளம்பினால் சல்லிவேர். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்ட கத்தரி, தக்காளி வேண்டாம். அவற்றிலும் ஆணிவேர் பிடுங்கும்போதே அறுந்திருக்கும்.

அதனால் நான் இப்போது கேட்டவர்களுக்கெல்லாம் விதையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பெயரே விதையிலிருந்து வந்ததுதானே. ஜான் ரே என்ற ஆங்கிலேயர் 1682-ல் எழுதிய நூலில் செடிகளை வித்திலையின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்துக் காட்டினார். நரம்பும் வேரும் வெளியடையாளங்கள். வித்திலைதான் பெயருக்கு மூலம்.

மொச்சையும் மக்காச்சோளமும் பத்துப் பத்து எடுத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் மொச்சையின் தோலை உரித்து விரலால் லேசாகத் திருகினால் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியின் ஓரத்தில் குட்டி முளை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு பருப்பும்தான் இரண்டு வித்திலை. மக்காச்சோளம் பிரியாது. தட்டையான பக்கத்தில் வெளிறிய ஒரு திட்டு தெரியும். அந்தத் திட்டின் நடுவே நீளவாக்கில் கத்தியால் வெட்டுங்கள். ஒரு ஓரத்தில் முளையும் அதை ஒட்டிக் கேடயம் போல் ஒரே ஒரு வித்திலையும் இருக்கும். மீதியெல்லாம் முளைக்கு வைத்த மாவு.

கத்தியால் இரண்டாக வெட்டியதும், "சார், இதுவும் ரெண்டாயிருச்சே" என்று வகுப்புக்கு ஒருவனாவது கேட்பான். அரிசி உடைந்து நொய்யாவதும் அப்படித்தான். நாம் உடைத்தது வேறு, அது தானாகப் பிரிந்தது வேறு. தானாகப் பிரிந்த பாதியின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். வெட்டிய பக்கத்தில் மாவு தெரியும்.

மீதி விதைகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வேர்விட்டதும் தொட்டியில் நட்டு ஒரு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டால் ஏமாறுவீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் மக்காச்சோளமும் ஒற்றை வேர்தான் விடும். ஆணிவேர் மாதிரியே தெரியும். வாரத்துக்குள் பக்கத்திலிருந்து வேறு வேர்கள் வந்துவிடும். மேலே மொச்சை இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு வரும். மக்காச்சோளம் ஊசி போல் ஒற்றை உறையாக எழும். ஆனால் துவரையிலும் கொண்டைக்கடலையிலும் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே வரவில்லை என்பதால் அவை ஒருவித்திலை ஆகிவிடாது.

சரி, விதையே கிடைக்காத சேம்புக்கு என்ன செய்வது? நம் பக்கம் அது விதை கட்டுவது அபூர்வம். அப்போது இரண்டு துணைச்சான்றுகளைப் பார்க்கலாம். ஒன்று, இலைக்காம்பின் அடி. சேம்பில் அது வாழைமட்டை போல் சுற்றிப் பொத்தியிருக்கும். உதிர்ந்தால் கிழங்கைச் சுற்றி முழு வளையமாகத் தழும்பு விழும். கரும்பின் கணுவையும் தென்னையின் தண்டையும் பாருங்கள், அதே வளையம். இரண்டு, வெட்டுமுகம். பொங்கலுக்கு வெட்டிய கரும்புத்துண்டின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், புள்ளி புள்ளியாக முகமெங்கும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழாய்க்கற்றை. காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் ஒருமணி நேரம் நிறுத்தி நறுக்கினால் புள்ளிகள் வட்டமாக வரிசை கட்டியிருக்கும். அப்படி வரிசை கட்டிய இடத்தில்தான் வருடா வருடம் புதுக்கட்டை சேர்ந்து, வேம்புக்கும் தேக்குக்கும் நடுவில் வைரம் பாய்கிறது. பனையிலும் தென்னையிலும் உறுதி வெளியே, சோறு உள்ளே. இந்த வேறுபாட்டைக் கண்டுதான் தொல்காப்பியம் மரபியலில் வெளியே உறுதியுள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே உறுதியுள்ளவற்றை மரம் என்றும் பிரித்திருக்கிறது.

ஆக, ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். இலை ஒரு பக்கம் சொல்லி, வேர் இன்னொரு பக்கம் சொன்னால், யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று நினைக்காமல், அந்தச் செடி எப்படி நடப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. இலைக்கும் வேருக்கும் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்தது நாற்பது பேரில் அவள் ஒருத்திதான். நான்தான் வகுப்பை நிறுத்தி அந்தக் கேள்வியைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதி அவளுக்கு அனுப்பினேன். "ரெண்டு மார்க் பாக்கி இருக்கு சார்" என்று பதில் போட்டாள். ஒரு மார்க்தான் தருவேன், காரணம் பாதிதான் என்றேன். சாயங்காலம் குழந்தையின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். பழைய இலையை எடுக்காமல், பெயரை மட்டும் அடித்து "மணி பிளான்ட், ஒருவித்திலை" என்று மாற்றி எழுதி, பக்கத்தில் ஒரு நிஜ வெற்றிலையை ஒட்டியிருக்கிறாள். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் இப்போது யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரிகிறது.