அட்டையில் எழுதிய பழமொழி

ராமாநுஜர் சிறு பிராயத்தில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்று எங்கள் திருப்புட்குழிக்கு ஒரு பெருமை உண்டு. அந்த ஊரில் இருந்துகொண்டு என் மகள் பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் கணக்கில் 28 வாங்கி வந்தாள். முப்பத்தைந்து எடுத்தால்தானே தேர்ச்சி!

படிக்கவே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. ஜூன் மாதமே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினம் என்ன படிப்பது என்று கட்டம் போட்டு, ‘படிப்புத் திட்டம்’ என்று பெயரும் வைத்திருந்தாள். மதிப்பெண் வந்த அன்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பதினைந்து நாள் பச்சை மசியில் ‘முடித்தேன்’ என்று அழகாக எழுதியிருக்கிறாள். அப்புறம் ஒன்றிரண்டு. ஆடி பிறந்த பிறகு வெறும் கட்டம்தான்.

அட்டையைப் பார்த்தேன். சுற்றிலும் கொடிப் பின்னல், மூலையில் கடிகாரப் படம், நடுவே பதினோரு பொன்மொழிகள்! ‘காலம் பொன் போன்றது’, ‘கடமை கண் போன்றது’, ‘உழைப்பே உயர்வு’... இதை வரைய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது எனக்கு நினைவிருக்கிறது. “இதிலே எதையாவது பார்த்து நீ படிக்க உட்கார்ந்ததுண்டாடி?” என்று கேட்டேன். “அது அட்டைம்மா, அதை யாரு படிப்பாங்க?” என்றாள். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது அவள் சொன்னது சரியென்றே பட்டது. காலம் பொன் போன்றது என்றால், சரி, இப்போது மாலை ஆறு மணி, நான் என்ன செய்ய வேண்டும்? அந்த வாசகம் அதைச் சொல்லவில்லையே!

அன்று இரவு நானும் அவளும் அத்தையும் உட்கார்ந்து பழமொழிகளைச் சலித்தோம். ஒரே ஒரு நிபந்தனைதான். படித்தவுடன் கை எதையாவது செய்ய வேண்டும். அப்படிப்பட்ட பழமொழிக்கே அட்டையில் இடம்.

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்றார் அத்தை. நல்ல வாக்குதான். ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பெண்ணுக்கு அது சாக்காகிவிடும் என்று தள்ளினோம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ மகளுக்குப் பிடித்திருந்தது. ஜூன், ஜூலையில் ஒட்டியிருந்தால் பொருத்தம். புரட்டாசியில் ஒட்டினால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும். பழமொழிக்கும் பட்டம் உண்டு போலிருக்கிறது!

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. “தறிச் சத்தம் ஓயட்டும்மா, படிக்கிறேன்” என்பாள். தறி ஓயும்போது விருந்தாளி வருவார். அவர் போனால் மின்சாரம் போகும். ‘அலை ஓய்ந்த பிறகா தலை முழுகுவது?’ என்று எழுதச் சொன்னேன். சிரித்துவிட்டாள். தன்னைப் பற்றியது என்று புரிந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும்.

அதை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பழைய அட்டைக்கு மேல் ஒட்டினோம். கீழே ஒரு கோடு விட்டு, அதில் செயலை எழுத வைத்தேன்: ‘மாலை 6 மணி. கூடத்து மூலை. கணக்கு ஐந்து.’ மணியும் இடமும் அளவும் அதில் இருக்க வேண்டும். முதலில் பத்து கணக்கு என்று எழுதினாள். நான் ஐந்தாகக் குறைத்தேன். தலைவலியோடு இருக்கிற நாளிலும் செய்யக்கூடிய அளவாக இருந்தால்தான் தினமும் நடக்கும். மேற்கொண்டு போடுவது அவள் இஷ்டம்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் அந்தக் காகிதமும் சுவரோடு சுவராகிவிட்டது, கண்ணில் படவில்லை. அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வாசகத்தை மாற்றுகிறோம்.

அடுத்து ஒட்டியது ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’. இதன் கீழே, ‘இன்று பள்ளியில் நடத்தியது இன்று மாலையே, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்’ என்று இருந்தது. இதற்கு ஆதாரமும் உண்டு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று சோதித்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக வருகிறது, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைக்கிற பாடம் புதுப் பாடம் மாதிரி ஆகிவிடுகிறது.

அத்தைக்கு ஒரு வருத்தம். எங்கள் மரகதவல்லித் தாயார் வறுத்த பயறையே முளைக்க வைப்பவள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். முளைத்தால் வரம் கிடைத்ததாக அர்த்தம். “அதை எழுதக்கூடாதா?” என்றார். “அப்போ நான் மார்ச்சிலே படிச்சாப் போதும் பாட்டி” என்றாள் இந்த வாயாடி. நான் சொன்னேன், தாயார் அருளுக்குக் கணக்கு இல்லை. நம் அடுக்களைப் பயறு, முதல் நாள் காலையில் ஊற வைத்து ராத்திரி துணியில் கட்டினால்தான் மறுநாள் முளைக்கிறது. அதையே எழுதினாள்: ‘நாளை முளைக்க இன்றே ஊற வை.’ கீழே, ‘படுக்கும் முன் நாளைய புத்தகம், பேனா, கணக்கு எண் எடுத்து வை.’ காலையில் தேடுகிற கால் மணி மிச்சம்.

ஒன்றில் நான் தப்பு செய்தேன். அதிகாலையில் எழ வேண்டும் என்று ஒரு வாசகம் ஒட்டி, நாலு மணிக்கு எழுப்பினேன். படுப்பது பதினோரு மணிக்கு! நாலாம் நாள் புத்தகத்தின் மேலேயே தூங்கினாள். செய்த கணக்கில் கூட்டல்கூடத் தப்பு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதை எந்தப் பழமொழியாலும் ஈடு செய்ய முடியாது. அந்தக் காகிதத்தை நானே கிழித்தேன். இப்போது ஒன்பதரைக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுந்திருத்தல்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கணக்கில் 53. பிரமாதம் இல்லை, ஆனால் அவள் முகம் பார்க்க வேண்டுமே!

ஜனவரியில் காய்ச்சலில் நாலு நாள் விட்டுப்போயிற்று. எனக்கு பயம். ஜூலையில் இப்படித்தான் இரண்டு நாள் விட்டது, பிறகு நோட்டையே தொடவில்லை. விட்டதை எல்லாம் சேர்த்து இருபது கணக்காகப் போட வேண்டும் என்று மலைத்துப் போயிருக்கிறாள். அதை அப்போது என்னிடம் சொல்லவும் இல்லை.

இந்தத் தடவை தறிப் பக்கம் போய் அவள் அப்பாவிடம் நின்றாள். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. அவர் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி நெய்ய ஆரம்பித்தார். “முடியாம விட்டா என்னப்பா ஆகும்?” “அந்த இடத்திலேருந்து புடவை முடியுற வரைக்கும் கோடு விழும். பார்த்த இடத்திலேயே முடிஞ்சிடணும். நெய்ததைப் பிரிக்க வேண்டாம்” என்றார்.

அன்று மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து அன்றைய ஐந்து கணக்கை மட்டும் போட்டாள். விட்டதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டாள். அட்டையில் புதுக் காகிதம், என்னைக் கேட்காமலே: ‘இழை அறுந்தால் அங்கேயே முடி.’

சாப்பாட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “இது என் வார்த்தையாச்சே, கூலி எங்கே?” என்றார். அவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.