மாநாட்டு விடுப்பும் மறுப்புப் பதிவேடும்

கோலார் தங்கவயலின் தொழிற்சங்க வரலாறு பெரும்பாலும் 1930, 1946 வேலைநிறுத்தங்களின் வழியே பேசப்படுகிறது. சங்கத்தின் அன்றாட வாழ்வு அதைவிடச் சிறிய தாள்களில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர் ஒருவர் மாநாட்டுக்குச் செல்லக் கேட்கும் விடுப்பு விண்ணப்பம் அத்தகைய ஒரு தாள்.

மத்திய அரசு ஊழியருக்கு இதில் தனி வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் பொறுப்பாளருக்கு ஆண்டுக்கு 20 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு அளிக்கலாம். சுரங்கத் தொழிலாளியின் நிலை வேறு. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகளில் மாநாட்டுக்கென்று தனி விடுப்பு எதுவும் இல்லை. ஆனால் எந்த விடுப்பானாலும் நிர்வாகம் எப்போது பதில் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் வரையறுக்கப்பட்டிருந்தது. விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள், அல்லது விடுப்பு தொடங்க இரண்டு நாள் முன்பு, இவற்றில் எது முந்தியதோ அதற்குள் ஆணை வர வேண்டும். மூன்று நாளுக்குள் தொடங்கும் விடுப்பாயின் அன்றே ஆணை.

சென்னையில் 15 முதல் 17 வரை ஒரு மாநாடு என்று வைத்துக்கொள்வோம். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை சென்று வண்டி மாற வேண்டும். ஆகவே 14 முதல் 18 வரை கேட்பதே முறை. பயண நாள்களை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. 1ஆம் நாள் கொடுத்தால் 8க்குள் பதில் வர வேண்டும். 9ஆம் நாள் கொடுத்தால் 12க்குள். 11ஆம் நாள் கொடுத்தால் அன்றே ஆணை கிடைக்கும். ஆனால் மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்கு நேரமிராது.

மறுத்தாலோ ஒத்திவைத்தாலோ காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தொழிலாளி கேட்டால் அதன் படியைத் தர வேண்டும். விண்ணப்பத்தின் சொற்கள் எடை பெறுவது இங்கேதான். ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கேட்பது எளிது. நாகரிகம் என்றும் சிலர் கருதுவர். ஆனால் மறுக்கப்பட்டது ஒரு சொந்த வேலை என்று மட்டுமே அப்போது பதிவாகும். ‘சங்கத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர் என்ற முறையில் மாநாட்டில் கலந்துகொள்ள’ என்று எழுதி, சங்கத்தின் அழைப்பையும் இணைத்திருந்தால், மறுப்பும் அதற்கே பதிலாகிறது. சங்கப் பணியில் குறுக்கீடு என்று பின்னர் வழக்காடும்போது அந்தப் படியே சான்று. உடல்நலமின்மை என்று எழுதுவது இன்னும் மோசம். மாநாட்டு மேடையில் எடுத்த ஒரு நிழற்படம் போதும், ஒழுங்கு நடவடிக்கைக்கு.

ஆணை வராமலே புறப்படுவதும் ஆபத்து. பதிலின்மையை ஒப்புதல் என்று நிலையாணை எங்கும் சொல்லவில்லை. கிடைத்த விடுப்பைத் தாண்டித் தங்கினாலோ, எட்டு நாளுக்குள் திரும்பி நிர்வாகம் ஏற்கும் விளக்கம் தராதவர் தம் பணியுரிமையை இழப்பார். தங்கவயலில் லைன் வீடும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் உறுதியில்லை. சில பொறுப்பாளர்கள் ‘சொந்த வேலை’ என்றே எழுதியிருந்தால், அதைக் கோழைத்தனம் என்று கொள்வது அவசரத் தீர்ப்பு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1971ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஊதிய இழப்பின்றி மாநாட்டு விடுப்பு தரச் சொல்கிறது. அதனோடு பிறந்த 135ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.