மாமா கடலில் விட்ட சிங்கி இறால்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போனால் நண்டுக் கடையில்தான் அதிக நேரம் ஆகும். அம்மா ஒவ்வொரு நண்டையும் மல்லாக்கப் போட்டு வயிற்று மடலைப் பார்ப்பார். மடல் குறுகலாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். பெண் நண்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கரு இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் அதற்குத்தான் மவுசு.

ஒருநாள் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நண்டின் மடலுக்கு வெளியே, பஞ்சுபோல முட்டைகள் ஒட்டியிருந்தன. “இது வேண்டாம் தம்பி, எங்க அண்ணன் பார்த்தா திட்டுவான்” என்று அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நண்டு ஏற்கெனவே செத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து யாருக்கு என்ன லாபம்?

அந்தக் கேள்விக்குப் பதில், டிசம்பர் விடுமுறையில் குளச்சலுக்குப் போனபோது கிடைத்தது. அம்மாவின் அண்ணன் அங்கே சிங்கி இறால் பிடிப்பவர். விடியும் முன்னே என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்.

அந்தக் கடலோரத்தில் முன்பெல்லாம் பனை நாரில் கூடு முடைவார்கள். மாமாவின் கூடுகள் கம்பியும் வலையும் கலந்தவை. உள்ளே உடைத்த சிப்பிதான் இரை. புனல் போன்ற வாய் வழியாக இறால் சுலபமாக நுழைந்துவிடும். திரும்பி வர வழி தெரியாது. மாமா கூட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு மரச்சட்டங்களை அடித்து நீளமாக ஓர் இடைவெளி விட்டிருந்தார். சின்ன இறால்கள் இரையைத் தின்றுவிட்டு அதன் வழியே நழுவிப் போய்விடும். வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் போதாதா என்றேன். “நூல் வளையும் மக்ளே. சட்டம் வளையாது. இறால் ஓடும் வளையாது” என்றார்.

இடைவெளியின் அளவை அவர் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. சரியாக 200 கிராம் எடையுள்ள இறாலை வைத்து, அது புக முடியாத அளவுக்குச் சட்டங்களை நெருக்கியிருக்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கூடுகளில் இப்படி இடைவெளி விடுவது கட்டாயம் என்று பின்னர் படித்தேன்.

ஏன் 200 கிராம்? மாமா அதிகம் பிடிக்கும் வகையை அதற்குக் குறைந்த எடையில் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று இந்திய அரசு 2003இல் உத்தரவிட்டது. உடலில் வண்ண வரிகள் கொண்ட பெரிய வகைக்கு 500 கிராம். முட்டை சுமக்கும் பெண் இறாலை எந்த எடையிலும் அனுப்பக்கூடாது. நல்ல விதிதான். ஆனால், அது ஏற்றுமதிக்கான விதி. ஏற்றுமதிக்காரர் தள்ளிவிடும் இறால் கடலுக்கா திரும்பும்? உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். தேக்காவில் அம்மா திருப்பிக் கொடுத்த நண்டும் அப்படித்தான். மேலும், ஆடுகிற படகில் தராசு வைக்க முடியாது. தலை ஓட்டின் நீளத்தை ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். கால் முறிந்த இறாலுக்கும் அந்த அளவு மாறாது.

ஏழாவது கூட்டில் ஒரு பெரிய பெண் இறால். அரைக் கிலோவுக்குக் குறையாது. வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிற முட்டைகள், லட்சக்கணக்கில். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க அவை பழுப்பாகும் என்றார் மாமா. சட்ட இடைவெளி இவளுக்கு உதவாது, பெரியவளாயிற்றே. பிடித்தவர் கைதான் விட வேண்டும்.

சிலர் முட்டையைச் சுரண்டிவிட்டு விற்பார்களாம். அடிவயிற்று இதழ்களின் மயிர்களில் முட்டைகளை ஒட்டியிருந்த நுண்ணிய இழைகள் மிஞ்சியிருக்கும். கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடலாம். கூர்ந்து பார்க்க எத்தனை பேருக்கு நேரம்?

மாமாவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த இறாலின் விலை அவருக்குச் சிறிய தொகையல்ல. கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு பாறைப் பக்கம் படகை ஒதுக்கி, மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். நடுநீரில் வீசினால் அடியைத் தொடும் முன்னே மீன் கவ்விவிடுமாம்.

“அடுத்த படகில மாட்டினா, மாமா?”

“மாட்டும்.”

பொரித்த குஞ்சுகளும் இங்கேயே தங்கப்போவதில்லை. கண்ணாடி இலைபோல மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து, எங்கோ கரை ஒதுங்கும். மாமாவுக்கு அதுவும் தெரியும்.

சிங்கப்பூர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நண்டுக்குள் இருக்கும் கருவும் வெளியே வரவேண்டிய முட்டைதானே என்றேன். பதில் இல்லை. போன ஞாயிறு வழக்கம்போல் நண்டை மல்லாக்கிப் பார்த்தார். குறுகிய மடலாகத் தேடி எடுத்தார்.

மதியம் அப்பா குழம்பைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, “கரு எங்கே?” என்றார். அம்மா என்னைப் பார்த்தார்.