அறுபதில் சராசரியாக எத்தனை?

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த காலத்தில் நேரியல் தேடல் பாடம் வந்தால் ஒரு கேள்வி கேட்பேன். 60 உருப்படிகள் உள்ள பட்டியலில் ஒன்றைத் தேடினால் சராசரியாக எத்தனை ஒப்பீடுகள் ஆகும்? வகுப்பே ஒரே குரலில் "முப்பது சார்" என்னும். அது சரியுமில்லை, அதை முழுத் தவறென்றும் தள்ளிவிட முடியாது.

அலுவலக அலமாரியில் மாணவர்கள் வாங்காமல் விட்டுப்போன மதிப்பெண் சான்றிதழ்கள் 60 இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த ஒழுங்கும் இல்லாத கட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துக்கொண்டே வர வேண்டும். தேடுவது முதலில் இருந்தால் 1 பார்வை, கடைசியில் இருந்தால் 60. எந்த இடத்திலும் இருக்க சம வாய்ப்பு என்றால் 1 முதல் 60 வரை கூட்டி 60-ஆல் வகுக்க வேண்டும். முதலையும் கடைசியையும் சேர்த்தால் 61. அப்படி 30 ஜோடி, மொத்தம் 1830. வகுத்தால் 30.5. பொதுவாகச் சொன்னால் (n+1)/2.

இந்த அரைப் பார்வையை நான் பெரிதுபடுத்தியதில்லை. இந்தச் சூத்திரம் சத்தமில்லாமல் இரண்டு விஷயங்களை நம்பிக்கொண்டிருக்கிறது. தேடும் சான்றிதழ் கட்டில் கட்டாயம் இருக்கிறது என்பது ஒன்று. எல்லா இடத்துக்கும் சம வாய்ப்பு என்பது இன்னொன்று. நான் மாணவர்களிடம் பேச விரும்பியது இவற்றைப் பற்றித்தான்.

முதலாவதைப் பார்ப்போம். வருகிறவர்களில் பாதிப் பேருடைய சான்றிதழ் கட்டில் இல்லை என்று வையுங்கள். அண்ணன் ஏற்கெனவே வாங்கிப் போயிருப்பார், அல்லது வேறு அலமாரியில் இருக்கும். "இல்லை" என்று சொல்ல 60-ஐயும் பார்த்தாக வேண்டும், குறுக்குவழி கிடையாது. 30.5-க்கும் 60-க்கும் சராசரி எடுத்தால் 45.25. "இருக்கிறது" என்று சொல்வதைவிட "இல்லை" என்று சொல்லத்தான் உழைப்பு அதிகம்.

நடைமுறையில் தலைகீழாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் வேலைக்கான சரிபார்ப்புக்காகச் சான்றிதழ் கேட்டு வந்தார். எழுத்தர் பாதிக் கட்டைப் புரட்டிவிட்டு "இல்லம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். இப்படி 30-உடன் நிறுத்தினால் என்ன ஆகும்? 100 பேர் வருகிறார்கள், 50 பேருடையது கட்டில் இருக்கிறது. அதில் 25 பேருக்குத்தான் கிடைக்கும். மீதி 75 பேரும் "இல்லை" கேட்டுத் திரும்புவார்கள், அவர்களில் 25 பேருடையது உள்ளேயே கிடக்கும். மூன்று "இல்லை"யில் ஒன்று பொய். சராசரிப் பார்வை 45-லிருந்து 26 சொச்சமாகக் குறையும் என்பது உண்மைதான். அந்த 19 பார்வையை மிச்சப்படுத்தத்தான் இந்த 25 பேரும் மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது.

இனி இரண்டாவது. சம வாய்ப்பு என்பது அநேகமாக எங்கும் கிடையாது. சமீபத்தில் முடித்தவர்கள்தான் அதிகம் தேடி வருவார்கள். கட்டில் 12 சான்றிதழ்கள் இந்த ஆண்டுடையவை, கேட்டு வருகிறவர்களில் 80 சதவீதம் அந்தப் 12-க்காக வருகிறார்கள் என்போம். புதியதை மேலே வைத்தால் முதல் 12 இடங்களின் சராசரி 6.5, மீதி 48 இடங்களின் சராசரி 36.5. 0.8 × 6.5 + 0.2 × 36.5 = 12.5. முப்பதெல்லாம் இல்லை, பன்னிரண்டரைதான்!

அதே தாள்களை நாடாவில் கோத்து, புதியதை அடியில் சேர்த்துக்கொண்டே போகும் கோப்பாக வைத்தால்? 0.8 × 54.5 + 0.2 × 24.5 = 48.5. தாளும் ஆட்களும் மாறவில்லை, அடுக்கிய திசைதான் மாறியது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 61 வரும். எந்த அடுக்கைத் தலைகீழாக்கினாலும் இரண்டின் கூட்டுத்தொகை n+1-தான், ஏனென்றால் மேலிருந்து 5-ஆவது கீழிருந்து 56-ஆவது. மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது எனக்கே ஒரு சந்தோஷம் வரும்.

ஆனால் புதியதை மேலே வைக்கும் யுக்தி இல்லாத சான்றிதழுக்கு உதவாது. எப்படி அடுக்கினாலும் "இல்லை"க்கு 60 பார்வைதான். பாதிப் பேருடையது இல்லையென்றால் 12.5-ம் 60-ம் சேர்ந்து சராசரி 36.25-க்கு ஏறிவிடும்.

இதற்கு அகரவரிசைதான் வழி. பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடலாம். 'கமலா'வைத் தேடும்போது அது வராமலே 'கவிதா' வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தலாம், கமலா இல்லை. இல்லாத பெயர் விழக்கூடிய இடைவெளிகள் 61. எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்றால் சராசரி 31-க்குச் சற்றே குறைவு. இருக்கும் பெயருக்கு 30.5. நடுவில் திறந்து பாதி பாதியாகக் கழிக்கும் பைனரி தேடல் தெரிந்தவருக்கு அதிகபட்சம் 6 பெயர் பார்த்தால் போதும், "இல்லை"க்கும் அதே 6-தான். சான்றிதழ் ஒன்று போகும்போது அந்தத் தாளில் பெயரை அடிக்க மறந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பாழ்.