வாத்தியாருக்கு என்ன எழுதுவது?

சல்லி, திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

ஓய்வுபெற்றுவிட்ட உங்கள் பள்ளி வாத்தியாருக்கு நன்றி சொல்லி எழுத வேண்டும், ஆனால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உப்புவெளிக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலால் பேர்பெற்ற இந்தக் கடற்கரைக் கிராமத்திலிருந்து அதற்குப் பதில் எழுதுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. கடலை நம்பிய ஊரில் பத்து வயதுப் பையனை வீடு இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் பிள்ளை என்பது ஒன்று. இன்னும் சில வருடத்தில் கரைவலை இழுத்துப் பங்கு கொண்டுவரக்கூடிய கை என்பது மற்றது. எந்தப் பார்வை வெல்லும் என்பதை வகுப்பறைப் பாடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பல வேளைகளில் ஆசிரியர் ஒருவர் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாரா என்பதே தீர்மானிக்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் கதையும் இதுதான். அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். தகப்பன் 1914இல் போரில் இறந்துபோனார். தாய்க்கு எழுத்து வாசனை கிடையாது, காதும் சரியாகக் கேளாது. வீட்டை ஆண்டது பாட்டி. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பேரன் உழைக்கப் போக வேண்டும் என்பதே அவர் கணக்கு. லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் பையனையும் வேறு சில மாணவர்களையும் பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொண்டு, காசு வாங்காமல் உதவித்தொகைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தினார். பாட்டியையும் பேசிச் சம்மதிக்க வைத்தார். பையன் 1924இல் உயர்பள்ளிக்குப் போனான். 1957இல் நோபெல் பரிசு வந்தபோது, ஆரவாரம் சற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19ஆம் தேதி ஜெர்மேனுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார் காம்யு. செய்தி வந்ததும் தாய்க்கு அடுத்தபடியாக உங்களைத்தான் நினைத்தேன், அந்த ஏழைப் பையனுக்கு நீங்கள் கை நீட்டியிராவிட்டால் இதில் எதுவும் நடந்திருக்காது என்பது அதன் சாரம். நோபெல் விழாவையொட்டி ஆற்றிய உரைகள் நூலானபோது அதையும் அவருக்கே காணிக்கையாக்கினார்.

அந்தக் கடிதத்தின் பலம் பணிவில் இல்லை என்பது என் எண்ணம். எந்தச் செயல் எதை மாற்றியது என்பதை அது தெரிவிக்கிறது, பலம் அங்கேதான். ஆசிரியத் தொழிலில் ஒரு விசித்திரமான குறை உண்டு. தச்சன் தான் செய்த கதிரையில் உட்கார்ந்து பார்க்கலாம். மீனவனுக்கு வலையின் மடி கரைக்கு வந்ததும் பாடு தெரிந்துவிடும். ஆசிரியரோ ஒரு வருடமோ இரண்டு வருடமோ பிள்ளையைப் பார்க்கிறார். பிறகு பிள்ளை வகுப்பு மாறுகிறது, அவருக்கே இடமாற்றம் வருகிறது. தான் செய்தவற்றில் எது வேரூன்றியது என்று அறிய அவருக்கு வழியே இல்லை. பரீட்சைப் பெறுபேறு அதைச் சொல்லாது. பிள்ளை சொன்னால்தான் உண்டு. ஆகவே ‘நீங்கள் தெய்வம், நீங்கள் ஏணி’ என்று எழுதுவதில் பயனில்லை. ஆசிரியர் தினத்தன்று எல்லா ஆசிரியருக்கும் பொதுவாக வாசிக்கப்படுகிற அந்த வாழ்த்து, அவருக்குப் புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை.

சம்பளம் வாங்கினார், கடமையைச் செய்தார், இதில் நன்றி எதற்கு என்பார்கள். பாடத்திட்டத்தை முடித்ததற்கு அந்த வாதம் செல்லும். பாட்டியிடம் போய்ப் பேசியதற்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை. கடிதத்தில் எதை எழுதுவது என்று தெரிந்தெடுக்க இதுவே நல்ல அளவுகோல்: அவர் செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்களே, அது எது?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வென்றவன்தான் நன்றி சொல்கிறான். அதே ஆசிரியரிடம் படித்துத் தோற்றவர்கள் எழுதுவதில்லை. எனவே இந்தச் சாட்சியம் ஒருபக்கமானது. உண்மைதான். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும் என்கிறேன். நோபெல் வாங்கியவன் கடிதம் ஒரு விதிவிலக்கு. கணக்குப் பயம் போய் ஒழுங்காகக் கடை நடத்துகிற ஒருவரின் கடிதம்தான் ஆசிரியருக்குத் தன் உழைப்பின் சராசரி விளைச்சலைக் காட்டும். வகுப்பில் அவமானப்பட்டதை மறைத்து எழுத வேண்டும் என்பதுமில்லை. நன்மையைத் துல்லியமாகச் சொன்னால் அதன் எல்லையும் தானே தெரிந்துவிடும்.

1959 ஏப்ரலில் ஜெர்மேன் காம்யுவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு தகவல் இருக்கிறது. பையனின் வீட்டு வறுமை தனக்குத் தெரிந்திருக்கவேயில்லை என்கிறார். வகுப்பில் எப்போதும் மகிழ்ச்சியாக இருந்தானாம். பரீட்சைப் பட்டியலில் பெயர் சேர்ப்பது பற்றித் தாய் வந்து பேசியபோதுதான் நிலைமை ஓரளவு புரிந்ததாம். நன்றிக் கடிதம் இப்படி மறுபக்கத்துக் கணக்கையும் வெளியே கொண்டுவருகிறது. தன்னை ஆசிரியர் எப்படிப் பார்த்தார் என்பது மாணவனுக்கு அப்போதுதான் கிடைக்கிறது. ஆனால் இரு பக்கமும் உயிரோடு இருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி 1933, 34இல் வெளியிட்டார். தமிழில் அதைவிடப் பெரிய நன்றி இல்லை. பிள்ளையவர்களோ 1876லேயே காலமாகிவிட்டார். முதியவர்தான் முதலில் போவார் என்றும் இருந்துவிடக் கூடாது: ஜெர்மேனின் அந்தக் கடிதத்துக்கு ஒன்பது மாதம் கூட ஆகவில்லை, 1960 ஜனவரி 4ஆம் தேதி கார் விபத்தில் இறந்தது மாணவன்தான்.

எனவே, எந்த வருடம், எந்த வகுப்பு, அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பெரிய எழுத்தாக இருக்கட்டும், அவருக்கு இப்போது கண் எப்படியோ.

அன்புடன்,
உங்கள் நண்பன்